காலியாக இருந்தும் ஏன் மறுக்க வேண்டும்? பேங்கர்ஸ் அல்காரிதம் போடும் கணக்கு

ஒரு கணினியில் இரண்டு டேப் டிரைவ்கள் காலியாக இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செயல்முறை, அவற்றில் ஒன்றே ஒன்றைக் கேட்கிறது. தன் தேவை இவ்வளவுதான் என்று அது முன்கூட்டியே அறிவித்த வரம்பையும் அது மீறவில்லை. ஆனாலும் இயக்க முறைமை தர மறுத்து, அதைக் காத்திருக்க வைக்கிறது. சற்று நேரத்தில் வேறொரு செயல்முறை வந்து அதே ஒரு டேப் டிரைவைக் கேட்கிறது; அதற்கு உடனே கிடைத்துவிடுகிறது. இது முன்னுரிமை சார்ந்த பாகுபாடும் அல்ல, பிழையும் அல்ல. பேங்கர்ஸ் அல்காரிதம் எனப்படும் வழிமுறை இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். ஏன் அப்படி என்பதை ஒரு சிறிய அட்டவணையை வைத்துக்கொண்டு கடைசி எண் வரை போட்டுப் பார்த்தால், இந்த அல்காரிதத்தில் புரிந்துகொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

டெட்லாக் என்னும் முட்டுக்கட்டை நிலை எப்படி உண்டாகிறது என்பது பலரும் அறிந்ததே. ஒவ்வொரு செயல்முறையும் சில வளங்களைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றொன்றின் கையில் இருப்பதற்காகக் காத்திருக்கிறது. எவரும் விடுவதில்லை என்பதால் எவருக்கும் கிடைப்பதில்லை. நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பணிபுரிந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, 1960களில் இந்த நிலையைக் ‘கொலைகாரத் தழுவல்’ என்ற பொருள்படும் பெயரால் அழைத்து, அதைத் தவிர்க்கும் வழியொன்றை ஒரு வங்கியாளரின் கதையாக விளக்கினார். வங்கியாளரிடம் குறிப்பிட்ட அளவு முதல் இருக்கிறது. ஒவ்வொரு வாடிக்கையாளரும் தனக்கு அதிகபட்சம் எவ்வளவு கடன் தேவைப்படலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். பிறகு சிறிது சிறிதாக வாங்குகிறார். தேவையான முழுத் தொகையும் கிடைத்துவிட்டால் வேலையை முடித்து அனைத்தையும் திருப்பித் தந்துவிடுவார். எல்லா வாடிக்கையாளரின் அதிகபட்சத்தையும் கூட்டினால் அது முதலைவிடப் பெரிதாக இருக்கலாம். ஆயினும், ஏதாவது ஒரு வரிசையில் ஒவ்வொருவரையும் முடித்து அனுப்ப வழி இருக்கும் வரை வங்கியாளருக்கு ஆபத்து இல்லை. அந்த வழி அடைபடும்படியான கடனை மட்டும் அவர் தள்ளிப்போட வேண்டும்.

அந்தக் கதையில் ஒரே ஒரு நாணயம்தான் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்வது நல்லது. பல வகை வளங்கள் கலந்திருக்கும் நிலைக்கு இதே கணக்கை விரித்து 1969இல் வெளியிட்டவர், டைக்ஸ்ட்ராவின் இயக்க முறைமைக் குழுவில் பணியாற்றிய ஹேபர்மன். ஒன்றிலிருந்து பலவற்றுக்குப் போவது வெறும் எண்ணிக்கை விரிவு போலத் தோன்றினாலும், உண்மையான நுட்பம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. அதனால் நம் எடுத்துக்காட்டில் இரண்டு வகை வளங்களை எடுத்துக்கொள்வோம்: 10 டேப் டிரைவ்கள், 7 நினைவகத் தொகுதிகள். இரண்டுமே, ஒருமுறை கொடுத்துவிட்டால் அந்தச் செயல்முறை தானாக விடும் வரை பிடுங்க முடியாதவை என்று கொள்ள வேண்டும். பிடுங்க முடியுமானால் இந்த அல்காரிதமே தேவைப்படாது.

க, ச, த, ப என நான்கு செயல்முறைகள் ஓடுகின்றன. கீழே உள்ள ஒவ்வொரு கட்டத்திலும் முதல் எண் டேப் டிரைவையும், இரண்டாவது எண் நினைவகத் தொகுதியையும் குறிக்கும்.

| செயல்முறை | உச்சத் தேவை | கையிருப்பு | இன்னும் தேவை |
|---|---|---|---|
| க | 7, 4 | 2, 1 | 5, 3 |
| ச | 4, 3 | 2, 1 | 2, 2 |
| த | 8, 2 | 3, 1 | 5, 1 |
| ப | 3, 5 | 1, 2 | 2, 3 |

உச்சத் தேவை என்பது செயல்முறை தொடங்கும்போதே அறிவித்த எண். கையிருப்பு இப்போது அதனிடம் இருப்பது. கடைசிப் பத்தி, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது. கையிருப்புகளைக் கூட்டினால் 8 டேப் டிரைவ்களும் 5 தொகுதிகளும் வெளியே போயிருக்கின்றன. ஆகவே எஞ்சியிருப்பது (2, 2).

இப்போது இந்த நிலை பாதுகாப்பானதா என்று பார்ப்போம். கேள்வி இதுதான்: எல்லாச் செயல்முறைகளும் இந்த நொடியே தங்கள் முழு மீதித் தேவையையும் கேட்டுவிட்டால்கூட, ஒன்றன்பின் ஒன்றாக அனைத்தையும் முடித்துவிட ஏதேனும் ஒரு வரிசை இருக்கிறதா? எஞ்சிய (2, 2) க-வுக்குப் போதாது, அதற்கு 5 டேப் டிரைவ்கள் வேண்டும். த-வுக்கும் அதே கதை. ப-வுக்கு டேப் டிரைவ் போதும், ஆனால் நினைவகத்தில் ஒரு தொகுதி குறைகிறது. ச-வுக்கு மட்டும் சரியாகப் பொருந்துகிறது. ச-வுக்கு (2, 2) கொடுத்தால் அது முடிந்து, தான் முன்பே வைத்திருந்த (2, 1)-ஐயும் சேர்த்துத் திருப்பித் தரும். எஞ்சியிருப்பு (4, 3) ஆகும். இப்போது ப-வுக்கு வேண்டிய (2, 3) பொருந்தும். அது முடிந்ததும் எஞ்சியிருப்பு (5, 5). அதன்பின் க-வும் பொருந்துகிறது, த-வும் பொருந்துகிறது. க-வை முடித்தால் (7, 6), பிறகு த முடிந்தால் (10, 7). அனைத்தும் திரும்பிவிட்டன. ச, ப, க, த என்ற வரிசை கிடைத்துவிட்டதால் நிலை பாதுகாப்பானது.

க, த இரண்டுமே பொருந்திய இடத்தில் நாம் க-வை எடுத்துக்கொண்டோம். தவறானதைத் தேர்ந்துவிட்டால் பின்னால் மாட்டிக்கொள்வோமோ, திரும்பி வந்து மற்றதை முயல வேண்டியிருக்குமோ என்ற ஐயம் எழுவது இயல்பு. அப்படி ஒரு தேவை வரவே வராது. ஒரு செயல்முறை முடியும்போது எஞ்சியிருப்பு கூடுமே தவிர ஒருபோதும் குறையாது. ஆகவே இப்போது பொருந்துகிற த, க முடிந்த பிறகும் பொருந்தவே செய்யும். இந்த ஒரு பண்புதான் அல்காரிதத்தைச் சிக்கனமாக்குகிறது. நான்கு செயல்முறைகளுக்கு 24 வரிசைகள் உண்டு என்றாலும் அவற்றையெல்லாம் சோதிக்க வேண்டியதில்லை. பொருந்துவதைக் கண்டதும் எடுத்துக்கொண்டே போனால் மோசமான நிலையிலும் 4 + 3 + 2 + 1, அதாவது 10 ஒப்பீடுகளில் விடை தெரிந்துவிடும்.

இனி தொடக்கத்தில் சொன்ன கோரிக்கைக்கு வருவோம். ப ஒரு டேப் டிரைவைக் கேட்கிறது, அதாவது (1, 0). அதன் மீதித் தேவையான (2, 3)-க்குள் இது அடங்கும். எஞ்சிய (2, 2)-க்குள்ளும் அடங்கும். உடனே கொடுத்துவிடாமல், கொடுத்துவிட்டதாக வைத்துக்கொண்டு அட்டவணையை மாற்றிப் பார்க்கிறோம். எஞ்சியிருப்பு (1, 2) ஆகிறது. ப-வின் கையிருப்பு (2, 2), அதன் மீதித் தேவை (1, 3). இந்த (1, 2)-ஐக் கொண்டு யாரை முடிக்க முடியும்? ச-வுக்கு 2 டேப் டிரைவ்கள் வேண்டும், இருப்பது 1. ப-வுக்கு 3 தொகுதிகள் வேண்டும், இருப்பது 2. க-வுக்கும் த-வுக்கும் ஐந்து ஐந்து டேப் டிரைவ்கள் வேண்டும். ஒருவருக்கும் பொருந்தவில்லை. நிலை பாதுகாப்பற்றது; எனவே போட்ட மாற்றத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ப-வைக் காத்திருக்க வைக்க வேண்டும்.

அதே (1, 0)-ஐ ச கேட்டால் என்ன ஆகிறது? எஞ்சியிருப்பு அதேபோல (1, 2)-தான். ஆனால் ச-வின் மீதித் தேவை (1, 2) ஆகக் குறைகிறது. அது அப்படியே பொருந்துகிறது. ச முடிந்து தன் (3, 1)-ஐத் திருப்பித் தந்தால் எஞ்சியிருப்பு (4, 3). அதன்பின் முன்பு பார்த்த பாதையே தொடர்கிறது. எஞ்சியிருப்பைப் பொறுத்தவரை இரண்டு கோரிக்கைகளும் ஒரே விளைவைத்தான் தருகின்றன. வேறுபாடு, அந்த ஒரு டேப் டிரைவ் எவருடைய கையில் போய்ச் சேர்ந்தது, அவர் அதனால் முடிவை நெருங்கினாரா என்பதில்தான் இருக்கிறது.

ப-வின் கோரிக்கையை மறுத்த அந்த நிலையை இன்னும் சற்று அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஹேபர்மனின் விரிவு எதற்காக வேண்டியிருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் இல்லை. யாராவது ஒருவர், ஒரு நாணயத்துக்கான பழைய கணக்கையே டேப் டிரைவுக்குத் தனியாகவும் நினைவகத்துக்குத் தனியாகவும் போட்டுப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். டேப் டிரைவை மட்டும் பார்த்தால் எஞ்சியிருப்பது 1. ப-வுக்கு வேண்டியதும் 1. ப முடிந்து 2-ஐத் திருப்பினால் 3. ச-வுக்கு 2 போதும், அது முடிந்தால் 5. பிறகு க, பிறகு த. டேப் டிரைவ் கணக்கு பாதுகாப்பு என்கிறது. நினைவகத்தை மட்டும் பார்த்தால் எஞ்சியிருப்பது 2, ச-வுக்கு 2 போதும், அது முடிந்தால் 3, ப-வுக்கு 3 போதும், அது முடிந்தால் 5, மீதி எளிது. நினைவகக் கணக்கும் பாதுகாப்பு என்றே சொல்கிறது. இரண்டும் தனித்தனியே பாதுகாப்பாக இருக்கும்போது மொத்த நிலை எப்படி ஆபத்தாகிறது? டேப் டிரைவ் கணக்கின்படி முதலில் முடியக்கூடியது ப மட்டுமே. நினைவகக் கணக்கின்படியோ ப முதலில் முடியவே முடியாது. இரண்டு வரிசைகளும் உண்மையானவை, ஆனால் இரண்டுக்கும் பொதுவான வரிசை எதுவும் இல்லை. ஒரு செயல்முறை முடிய வேண்டுமானால் அதற்கு எல்லா வகை வளங்களும் ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும் என்பதால், ஒப்பீட்டையும் எல்லா வகைகளுக்கும் சேர்த்தே செய்தாக வேண்டும். பத்தி பத்தியாகச் சோதித்தல் என்ற இந்தத் தவறு சிறிய எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலும் சரியான விடையையே தந்துவிடும்; அதனாலேயே இது கண்ணில் படாமல் தப்பிக்கும்.

பாதுகாப்புச் சோதனையை நிரலாக எழுதினால் இவ்வளவுதான்:

```python
def safe(free, held, need):
    left = set(held)
    while left:
        p = next((q for q in left
                  if all(n <= f for n, f in zip(need[q], free))), None)
        if p is None:
            return False
        free = [f + h for f, h in zip(free, held[p])]
        left.remove(p)
    return True
```

இதில் `all` என்ற சொல்தான் மேலே சொன்ன ‘எல்லா வகைகளுக்கும் சேர்த்து’ என்பதைச் செய்கிறது. மற்றொரு வரியையும் கவனிக்க வேண்டும்: ஒரு செயல்முறை முடிந்ததும் `free` உடன் கூட்டப்படுவது `held`, அதாவது கையிருப்பு மட்டுமே. முடிந்த செயல்முறை தன் உச்சத் தேவை முழுவதையும் திருப்பித் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் அதில் மீதித் தேவைப் பங்கை நாம்தான் எஞ்சியிருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தோம், கொடுத்ததும் வந்ததும் கழிந்துவிடுகின்றன. அந்தக் கழித்தலைச் செய்யாமல் உச்சத் தேவையை அப்படியே கூட்டிவிடுவது மாணவர்களின் நிரல்களில் எளிதில் நேரக்கூடிய பிழை. அதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. வரிசை முழுவதும் முடிந்தபின் எஞ்சியிருப்பு, கணினியில் உள்ள மொத்த அளவுக்குச் சரியாகச் சமமாக இருக்க வேண்டும். நம் கணக்கில் அது (10, 7). தவறாகக் கூட்டினால் ச முடிந்ததும் (6, 5), ப முடிந்ததும் (9, 10) என்று வரும். மொத்தமே 7 தொகுதிகள் இருக்கும் கணினியில் 10 தொகுதிகள் காலியாக இருக்க முடியாது.

கோரிக்கையைக் கையாளும் பகுதியில் இரண்டு ஒப்பீடுகளை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளக் கூடாது. கோரிக்கை மீதித் தேவையைத் தாண்டினால், அந்தச் செயல்முறை தான் கொடுத்த வாக்கையே மீறுகிறது. அதைக் காத்திருக்க வைப்பதில் பொருளில்லை, பிழை என்று திருப்பி அனுப்ப வேண்டும். கோரிக்கை எஞ்சியிருப்பைத் தாண்டினால் அது வெறும் பற்றாக்குறை, காத்திருந்தால் தீரும். இவ்விரண்டையும் கடந்த பிறகுதான் பாதுகாப்புச் சோதனை வருகிறது. அதில் தோற்ற கோரிக்கையை எப்போது மறுபடி சோதிப்பது என்பதையும் யோசித்தாக வேண்டும்: எந்தச் செயல்முறை எதைத் திருப்பித் தந்தாலும், காத்திருப்பவற்றை அப்போது மீண்டும் பார்க்க வேண்டும். புதிதாக வரும் சிறு கோரிக்கைகளுக்கெல்லாம் இடம் கொடுத்துக்கொண்டே போனால் ப போன்ற ஒன்று மிக நீண்ட நேரம் காத்துக்கிடக்க நேரலாம். முட்டுக்கட்டை நேராது என்று மட்டுமே இந்த அல்காரிதம் உறுதி தருகிறது, இன்ன நேரத்துக்குள் முறை வரும் என்று அது சொல்வதில்லை.

பாதுகாப்பற்ற நிலையும் முட்டுக்கட்டையும் ஒன்றல்ல என்பதை இந்த அட்டவணையிலேயே காணலாம். ப-வுக்கு அந்த டேப் டிரைவைத் தெரியாமல் கொடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சியிருப்பது (1, 2). அடுத்து ச தன் 2 டேப் டிரைவ்களையும் கேட்கிறது, கிடைக்காமல் நிற்கிறது. ப தன் 3 தொகுதிகளைக் கேட்டு நிற்கிறது. க-வும் த-வும் டேப் டிரைவுக்காக நிற்கின்றன. நான்கும் நின்றுவிட்டன, அதுவும் ஒரு டேப் டிரைவும் இரண்டு தொகுதிகளும் காலியாகக் கிடக்கும்போதே. இது முட்டுக்கட்டை. ஆனால் கதை வேறு விதமாகவும் போயிருக்கலாம். ச தன் உச்சத் தேவையை 4 டேப் டிரைவ்கள் என்று அறிவித்திருந்தாலும், இந்த ஓட்டத்தில் அதற்கு உண்மையில் மூன்றே போதுமாக இருந்திருக்கலாம். அப்படியானால் அது எஞ்சிய ஒரு டேப் டிரைவையும் இரண்டு தொகுதிகளையும் வாங்கி முடித்திருக்கும். எஞ்சியிருப்பு (3, 3) ஆகும். ப-வின் (1, 3) பொருந்தும். பிறகு (5, 5), அங்கிருந்து எல்லாமே நேர்பாதை. பாதுகாப்பற்ற நிலையில் முட்டுக்கட்டை வந்தே தீரும் என்பதில்லை. வராமல் பார்த்துக்கொள்ளும் ஆற்றல் இயக்க முறைமையின் கையை விட்டுப் போய்விட்டது என்பதுதான் அதன் பொருள். அதன்பின் எல்லாமே செயல்முறைகள் எதைக் கேட்கப்போகின்றன என்பதைப் பொறுத்தது.

இதிலிருந்தே அல்காரிதத்தின் பலவீனமும் தெரிகிறது. ச தொடக்கத்திலேயே உண்மையான தேவையைச் சொல்லி (3, 3) என்று அறிவித்திருந்தால், ப-வின் அதே கோரிக்கையை அல்காரிதமே பாதுகாப்பானது என்று ஏற்றிருக்கும்: எஞ்சிய (1, 2), ச-வின் மீதித் தேவையான (1, 2)-க்குச் சரியாகப் பொருந்துகிறது. ச தனக்கு ஒரு டேப் டிரைவைக் கூடுதலாகச் சொல்லிவைத்ததற்கான விலையை, காத்திருப்பாகக் கொடுத்தது ப. மறுப்பு எவ்வளவு நியாயமானது என்பது, முன்கூட்டியே சொல்லப்படும் அந்த உச்ச எண்கள் எவ்வளவு நெருக்கமானவை என்பதை அப்படியே சார்ந்திருக்கிறது. இதை எல்லைவரை இழுத்துப் பார்க்கலாம். நான்கு செயல்முறைகளுமே ‘எனக்கு எல்லாமே தேவைப்படலாம்’ என்று (10, 7) அறிவித்தால் என்ன ஆகும்? ஒன்றின் கையில் ஒரே ஒரு டேப் டிரைவ் இருக்கும்போது இன்னொன்றுக்கு எதைக் கொடுத்தாலும், இரண்டில் எதற்கும் மீதியை முழுமையாகத் தர முடியாது, நிலை பாதுகாப்பற்றதாகிவிடும். ஆகவே ஒன்று முடிந்து அனைத்தையும் திருப்பித் தரும் வரை மற்றவை எதையும் தொட முடியாது. பல செயல்முறைகள் ஓடும் கணினி, வளங்களைப் பொறுத்தவரை, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே ஓட்டும் கணினியாகிவிடுகிறது.

தரவுத்தளங்கள் ஏன் இந்த வழியில் போகவில்லை என்பதற்கும் இதுவே காரணம். ஒரு பரிவர்த்தனை எந்தெந்த வரிசைகளைப் பூட்டப்போகிறது என்பது, அது தேடிப் படித்த பிறகே தெரியும். முன்கூட்டிச் சொல்லச் சொன்னால் அட்டவணை முழுவதையுமே சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே அவை முட்டுக்கட்டையை முன்கூட்டித் தவிர்ப்பதை விட்டுவிட்டு, வந்தபின் கண்டுபிடிக்கின்றன. போஸ்ட்கிரஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஒரு பரிவர்த்தனை பூட்டுக்காக `deadlock_timeout` அளவுக்கு, இயல்பாக 1 நொடி, காத்திருந்த பிறகே யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற சங்கிலி சோதிக்கப்படுகிறது. சங்கிலி வட்டமாக மூடியிருந்தால் அதிலுள்ள ஒரு பரிவர்த்தனை `deadlock detected` என்ற பிழையுடன் கைவிடப்படுகிறது. தரவுத்தளத்தால் அதைச் செய்ய முடிவதற்குக் காரணம், பாதியில் நின்ற பரிவர்த்தனையைத் தடயமின்றித் திரும்பப் பெறும் வசதி அதனிடம் இருப்பதுதான். பாதி எழுதப்பட்ட டேப்பைக் கையில் வைத்திருக்கும் செயல்முறையிடம் அந்த வசதி இல்லை.